பழைய நில அளவைக் குறிப்பேடுகளின் பாகை, கலை, விகலை அளவுகளைத் தசமப் பாகையாக மாற்றுதல்: மதராஸ் நெட்டாங்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவைக் குறிப்பேடுகளில் இட அமைவுகள் பாகை, கலை, விகலை என்னும் அறுபதின்மான முறையில் பதிவாகியுள்ளன. இன்றைய புவியியல் தகவல் மென்பொருள்கள் தசமப் பாகையையே எதிர்பார்க்கின்றன. இரண்டுக்கும் இடையிலான கணக்கு எளியது. ஆயினும் அக்கணக்கைச் செய்வதற்கு முன் அளவை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதிலும், செய்த பின் கிடைக்கும் எண்ணை எந்த மூலத்தோடு பொருத்த வேண்டும் என்பதிலும் பிழைகள் நேர்கின்றன. மதராஸ் வானாய்வகத்தின் நெட்டாங்காக நெடுங்காலம் வழங்கிய 80° 17′ 21″ என்னும் அளவை எடுத்துக்கொண்டு, அப்பிழைகள் எங்கே தோன்றுகின்றன, அவற்றை எவ்வாறு கண்டறியலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நில அளவை, பாகை, கலை, விகலை, தசமப் பாகை, மதராஸ் வானாய்வகம், முக்கோண அளவை, கலியாண்பூர்.

முன்னுரை

1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து விரிந்த முக்கோண அளவை தென்னிந்தியாவின் குன்றுகளையும் கோபுரங்களையும் அளவை நிலையங்களாகக் கொண்டது. இக்காரணத்தால் அவ்வளவைப் பதிவுகள் கோயில், கோட்டை, ஏரி, கைவிடப்பட்ட ஊர் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இன்றும் பயன்படுகின்றன. கல்வெட்டில் குறிக்கப்படும் ஊரொன்று இப்போது எங்கே இருந்திருக்கும் என்று தேடுபவர், பழைய அளவையில் காணப்படும் இட அமைவை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மீது வைத்துப் பார்ப்பது இயல்பான முதற்படியாகும்.

அவ்வாறு வைக்கும்போது புள்ளி நான்கு கிலோமீட்டர் தள்ளி விழுந்தால், அது வேறோர் ஊரின் எல்லைக்குள் போய்விடும். ஊர்கள் நெருங்கியுள்ள காவிரிப் படுகையில் இடையில் இரண்டு மூன்று ஊர்களைத் தாண்டியும் போகலாம். அதன் பின் கட்டப்படும் வாதம் எவ்வளவு நுட்பமாயினும் வேறோர் ஊரைப் பற்றியதாகவே இருக்கும்.

கோணத்தின் உட்பிரிவுகளைக் குறிக்கத் தமிழகப் பாடநூல்கள் நிமிடம், விநாடி என்னும் சொற்களையும் ஆள்கின்றன. இக்கட்டுரை கலை, விகலை என்னும் சொற்களைக் கொள்கிறது. இது வெறும் சொல் விருப்பம் அன்று. வானாய்வகப் பதிவுகளில் நெட்டாங்கு பல இடங்களில் காலமாகவே எழுதப்பட்டுள்ளது. காலத்தில் ஒரு மணி 15 பாகைக்குச் சமம். ஆதலால் காலத்தின் ஒரு நிமிடம் கோணத்தின் 15 கலை, ஒரு விநாடி 15 விகலை. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கினால் எந்த நிமிடம் என்ற குழப்பம் நேரும். 80° 17′ 21″ என்பது காலத்தில் 5 மணி 21 நிமிடம் 9.4 விநாடி ஆகும். கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவில் `Asia/Kolkata` என்னும் பதிவில் பழைய மதராஸ் நேரம் `5:21:10` என்று இன்றும் உள்ளது. இரண்டும் ஒரு விநாடிக்குள் ஒத்துப்போகின்றன.

அறுபதின் கணக்கு

ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. எனவே கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டினால் தசமப் பாகை கிடைக்கும். மதராஸ் நெட்டாங்கில் 17 கலை என்பது 0.2833333 பாகை, 21 விகலை என்பது 0.0058333 பாகை. இரண்டையும் 80உடன் கூட்ட 80.2891667 வருகிறது. அவ்வானாய்வகத்துக்கு வழங்கிய அகலாங்கு 13° 04′ 08″ வடக்கு. அதில் 4 கலை 0.0666667, 8 விகலை 0.0022222, கூட்டுத்தொகை 13.0688889.

விரிதாளில் இதனைச் செய்யும்போது பாகை, கலை, விகலை, திசைக்குறி ஆகிய நான்கையும் தனித்தனி நிரல்களில் இடுவதே பாதுகாப்பானது. திசைக்குறி நிரலில் வடக்குக்கும் கிழக்குக்கும் 1, தெற்குக்கும் மேற்குக்கும் -1 என்று இட்டுக் கீழ்க்காணும் வாய்பாட்டை எழுதலாம்.

```
=(B2+C2/60+D2/3600)*E2
```

ஒரே கட்டத்தில் முழு அளவையும் தட்டச்சுச் செய்வதில் ஒரு தொல்லை உண்டு. `80:17:21` என்று இட்டால் விரிதாள் அதனை 80 மணி 17 நிமிடம் 21 விநாடி என்று கொண்டு, நாள் கணக்கில் 3.34538 என்னும் எண்ணாகச் சேமிக்கும். 24ஆல் பெருக்கினால் சரியான தசமப் பாகை திரும்பக் கிடைக்கும் என்பதால் இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் குறிப்பேட்டில் உள்ளவாறே இடைக்கோடிட்டு `13-04-08` என்று இட்டால், நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசை அமைந்த கணினியில் அது 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாளாகிவிடும். மூல எண் மறைந்து நாட்களின் வரிசை எண் ஒன்று உள்ளே அமர்ந்துகொள்ளும்.

புள்ளியிட்டு எழுதப்பட்ட அளவுகள்

குறிப்பேட்டை எழுதியவர் ஒவ்வோர் அளவுக்கும் பாகைக் குறியையும் கலைக் குறியையும் இட்டுக்கொண்டிருப்பதில்லை. பக்கத்தின் தலைப்பில் ஒருமுறை குறிகளை இட்டுவிட்டுக் கீழே இடைவெளியோ கோடோ புள்ளியோ மட்டும் இட்டுச் செல்வது வழக்கம். 80.17.21 என்று இரண்டு புள்ளிகள் தெளிவாக இருந்தால் ஐயமில்லை. இரண்டாம் புள்ளி மங்கியிருந்தாலோ, படியெடுத்தவர் அதனை விட்டிருந்தாலோ, 80.1721 என்னும் எண் நேரடியாகத் தசமப் பாகை போலத் தோற்றமளிக்கும். மென்பொருளும் அதனை மறுப்பின்றி ஏற்கும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உண்மையான மாற்றம் 80.2892, தவறாகக் கொண்டது 80.1721. வேறுபாடு 0.1171 பாகை. சென்னையின் அகலாங்கில் நெட்டாங்கின் ஒரு பாகை ஏறத்தாழ 108.4 கிலோமீட்டர் ஆதலால், புள்ளி 12.7 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து மதுரவாயல் பக்கம் விழும். அங்கும் நிலமே இருப்பதாலும் அதுவும் சென்னையைச் சேர்ந்ததாகவே தோன்றுவதாலும் பார்ப்பவர்க்கு ஐயம் எழாது. கடலில் விழும் பிழையை எவரும் கண்டுகொள்வர். பக்கத்து ஊரில் விழும் பிழையே தப்பிவிடுகிறது.

இப்பிழையை ஒற்றை எண்ணில் கண்டறிவது கடினம். ஒரு பட்டியலில் கண்டறிவது எளிது. கலையும் விகலையும் 59ஐத் தாண்டுவதில்லை. ஆகவே மாற்றப்படாத அளவுகள் நிறைந்த நிரலில் புள்ளிக்குப் பின்வரும் முதல் ஈரிலக்கமும் அடுத்த ஈரிலக்கமும் 59க்கு மேற்படா. நூறு இடங்களின் பட்டியலொன்றில் .60 முதல் .99 வரையிலான பின்னம் ஒன்றுகூட இல்லையெனில், அப்பட்டியல் தசமப் பாகையில் இல்லை என்றே கொள்ளலாம். உண்மையான தசமப் பாகைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு அவ்வெல்லைக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு சிறு வட்டாரத்துக்கு மட்டும் உரிய பட்டியலில் பின்னங்கள் இயல்பாகவே குறுகிய எல்லைக்குள் நிற்கும். அங்கு மூன்றாம் நான்காம் இலக்கங்களைப் பார்ப்பதே பயன் தரும்.

மேற்கும் சுழியப் பாகையும்

தமிழகம் முழுவதும் வடக்கு அகலாங்கிலும் கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்திருப்பதால் குறை எண்களுக்கே இங்கு வேலை இல்லை என்று தோன்றலாம். ஆனால் லாம்ப்டன் காலத்து அட்டவணைகளில் நெட்டாங்கு கிரீனிச்சிலிருந்து மட்டுமன்றி மதராஸ் வானாய்வகத்தின் வழியாகச் செல்லும் நெடுவரையிலிருந்து கிழக்கு, மேற்கு என்றும் குறிக்கப்படுவதுண்டு. தமிழகத்தின் பெரும்பகுதி அந்நெடுவரைக்கு மேற்கே உள்ளது; எனவே குறை எண்களே அங்கு மிகுதி.

பரங்கிமலை வானாய்வகத்துக்கு மேற்கே மூன்று கலைக்குச் சற்று மிகுந்த தொலைவில் உள்ளது. விளக்கத்துக்காக அதனை 0° 03′ 14″ மேற்கு என்று கொள்ளலாம். பலர் பாகையின் முன் குறைக் குறியை இட்டுவிட்டால் போதும் என்று கருதுகின்றனர். இங்கே பாகை சுழியம். சுழியத்தின் முன் இட்ட குறைக் குறியை விரிதாள் பொருட்படுத்துவதில்லை. -0 என்பது 0 ஆகி, விடை +0.0538889 என்று வரும். அதனை வானாய்வகத்தின் இன்றைய நெட்டாங்கான ஏறத்தாழ 80.2464உடன் கூட்டினால் 80.3003. பரங்கிமலை வங்கக் கடலுக்குள் சென்றுவிடும். குறைக் குறியோடு கூட்டினால் 80.1925, அதாவது மலை இருக்கும் இடம்.

பாகை சுழியமாக இல்லாதபோது இதே தவறு வேறு வடிவில் நேரும். மேற்கு 1° 20′ 00″ என்பதை -1 + 20/60 என்று கணக்கிட்டால் -0.6666667 கிடைக்கும், சரியான விடை -1.3333333. கூட்டலை முடித்த பின்னரே குறியால் பெருக்க வேண்டும் என்பதாலேயே மேற்காட்டிய வாய்பாட்டில் திசைக்குறி அடைப்புக்கு வெளியே நிற்கிறது. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். அளவையாளர்கள் அவற்றை ஆங்கில முதலெழுத்தால் மட்டும் வேறுபடுத்தியிருப்பர். சமவெளி நிலையங்களுக்கிடையே இக்கோணங்கள் பெரும்பாலும் ஒரு பாகைக்கும் குறைவு; சுழியப் பாகைச் சிக்கல் அங்கே வரிதோறும் எழும்.

குறிப்பேட்டில் இருப்பது கோணமா, இட அமைவா

குறிப்பேட்டில் பாகை, கலை, விகலையில் எழுதப்பட்டவை எல்லாம் அகலாங்கும் நெட்டாங்கும் அல்ல. களத்தில் எழுதப்பட்ட கோணப் பேரேடுகளில் இருப்பவை தியோடலைட் கருவியின் வட்டில் படித்த கிடைக்கோணங்கள். லாம்ப்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட் 36 அங்குலக் கிடைவட்டம் கொண்டது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்து, அவரே மீண்டும் செப்பனிட்ட கருவி அது. அதன் வட்டை எதிரெதிரே அமைந்த நுண்ணோக்கிகளால் படித்துச் சராசரி எடுத்தனர். ஆகவே ஒரே நோக்குக்கு இரண்டு அளவுகள் இருக்கும்; இரண்டாவதில் பாகை எழுதப்படாமல் கலையும் விகலையும் மட்டுமே இருக்கவும் கூடும்.

இவ்வளவுகளைத் தசமப் பாகையாக்கிய பின் சராசரி எடுக்கலாமா என்பது எழும் வினா. எடுக்கலாம், மாற்றம் நேர்விகிதத்தில் அமைவதால் விடை மாறாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. ஓரளவு 359° 59′ 56″, மற்றது 0° 00′ 04″ எனில் சராசரி 0°. எந்திரமாகக் கூட்டி வகுத்தால் 180° என்று எதிர்த்திசை வரும்.

கோணப் பேரேட்டைப் படியெடுப்பவர்க்கு வேறெங்கும் கிட்டாத ஒரு நன்மை உண்டு. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் பதிவாகியிருந்தால், மங்கிய இலக்கங்களைச் சரியாகப் படித்தோமா என்பதை அவற்றின் கூட்டுத்தொகையே சொல்லிவிடும். புவியின் வளைவால் அக்கூட்டுத்தொகை 180 பாகையைச் சற்றே மிஞ்சும். அம்மிகையைக் கோள மிகை என்பர். ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை வீதம் அது வளரும்.

விளக்கத்துக்காக 490 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோணங்கள் 62° 14′ 37.2″, 55° 08′ 51.6″, 62° 36′ 33.9″. தசமத்தில் இவை முறையே 62.2436667, 55.1476667, 62.6094167. கூட்டுத்தொகை 180.00075, அதாவது 180 பாகைக்கு மேல் 2.7 விகலை. கோள மிகை ஏறத்தாழ 2.5 விகலை. எஞ்சும் 0.2 விகலை நல்ல கருவியின் அளவைப் பிழைக்குள் அடங்கும். இரண்டாம் கோணத்தின் 08 கலையை 03 என்று படித்திருந்தால் கூட்டுத்தொகை ஐந்து கலை குறைந்து 179.9174 என்று வந்திருக்கும். சரியாக ஐந்து கலை குறைவு என்பதே எந்த இலக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும்: பழைய மையெழுத்தில் 3உம் 8உம் மயங்கும். 1உம் 7உம் மயங்கினால் வேறுபாடு ஆறாக இருக்கும். இச்சோதனையைப் படியெடுக்கும் போதே, பக்கத்தை மூடுவதற்கு முன் செய்வது நல்லது. ஆவணக்காப்பகத்துக்கு மீண்டும் செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் எளிதில் அமைவதில்லை.

எத்தனை தசம இலக்கங்கள்

சென்னையின் அகலாங்கில் ஒரு விகலை நெட்டாங்குத் திசையில் ஏறத்தாழ 30 மீட்டர். தசமப் பாகையின் நான்காம் இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். முழு விகலையில் எழுதப்பட்ட அளவை ஐந்து இலக்கங்களோடு வைத்தால், திரும்ப மாற்றும்போது அதே விகலை கிடைக்கும். விகலையின் நூற்றில் ஒரு பங்கு வரை எழுதப்பட்ட அளவுக்கு ஆறு இலக்கங்கள் வேண்டும். கலை வரை மட்டும் எழுதப்பட்ட ஊர்ப் பட்டியலுக்கு மூன்று இலக்கங்களே மிகுதி; அங்கு ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். 79° 08′ என்பதை 79.1333333 என்று அச்சிடும் கட்டுரை, மூலத்தில் இல்லாத துல்லியத்தை வாசகர்க்கு வாக்களிக்கிறது. இடைக்கணக்கில் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு, வெளியிடும்போது மட்டும் குறைப்பதே முறை. மூல அளவைத் தனி நிரலில் அழியாமல் வைத்திருப்பதும் அம்முறையைச் சேர்ந்ததே.

மதராஸ் நெட்டாங்கின் திருத்தம்

இதுவரை கூறிய எல்லாவற்றையும் கடைப்பிடித்து 80° 17′ 21″ கிழக்கு என்பதை 80.2891667 என்று மாற்றி, 13.0688889 என்னும் அகலாங்கோடு சேர்த்து இன்றைய வரைபடத்தில் இட்டால், புள்ளி நுங்கம்பாக்கத்தில் விழாது. கூவத்தின் கழிமுகத்தை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் விழும். வானாய்வகம் இருந்த இடமோ நுங்கம்பாக்கத்தில் இன்றைய மண்டல வானிலை ஆய்வு மைய வளாகம். 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிப்புகள் கொண்ட கருங்கல் தூண் அங்கு உள்ளது. இரண்டுக்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. கணக்கில் தவறில்லை, இங்கே பிழை மூல எண்ணிலேயே உள்ளது.

80° 17′ 21″ என்னும் அளவு 1805 முதல் 1811 வரை வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்த ஜான் வாரன் கணித்ததாகும். அக்காலத்தில் நெட்டாங்கை வான்நிகழ்வுகளைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. அகலாங்கை விண்மீன்களின் உயரத்தால் நேரே அளக்கலாம். நெட்டாங்குக்கோ கிரீனிச்சின் நேரம் தெரிந்தாக வேண்டும். காலத்தில் பத்து விநாடி பிழைத்தால் கோணத்தில் இரண்டரைக் கலை பிழைக்கும். அவ்வாறு பெற்ற மதராஸ் நெட்டாங்கையே இந்தியப் பெரும் முக்கோண அளவை தன் தொடக்கமாகக் கொண்டது. பின்னர் தந்தியின் வழியே நேரத்தை ஒப்பிட முடிந்தபோது இப்பிழை தெளிவாயிற்று. மதராஸிலிருந்து தொடுக்கப்பட்ட ஒவ்வொரு நெட்டாங்கிலும் அதே பிழை அதே அளவில் இருந்தது.

திருத்தத்தின் அளவை முக்கோண அளவையின் மூலநிலையமாகிய மத்திய இந்தியாவின் கலியாண்பூரில் காணலாம். அதன் பழைய நெட்டாங்கு 77° 41′ 44.75″, 1905ஆம் ஆண்டளவில் ஏற்கப்பட்ட நெட்டாங்கு 77° 39′ 17.57″. தசமத்தில் 77.6957639, 77.6548806. வேறுபாடு 0.0408833 பாகை, அதாவது 2 கலை 27.18 விகலை. இதே அளவை மதராஸ் நெட்டாங்கிலிருந்து கழித்தால் 80.2482833 கிடைக்கிறது. புள்ளி 4.4 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து நுங்கம்பாக்கத்துக்கு வந்துவிடுகிறது.

இன்னும் ஒரு சிறு விலகல் எஞ்சுகிறது. பழைய அளவை எவரெஸ்ட் நீள்கோளத்தின் மீது, கலியாண்பூரை மூலமாகக் கொண்டு கணிக்கப்பட்டது. இன்றைய செயற்கைக்கோள் படங்கள் `WGS 84` என்னும் ஆதாரத்தைக் கொண்டவை. அதன் நீள்கோளமும் மையமும் வேறு. கலியாண்பூர் ஆதாரத்திலிருந்து அதற்கு மாற்ற இந்தியாவுக்கு வழங்கும் மூன்று பெயர்ச்சி அளவுகள் 295, 736, 257 மீட்டர். சென்னையில் இவற்றால் நெட்டாங்கு ஏறத்தாழ 5.5 விகலை, அதாவது 166 மீட்டர் அளவுக்கு மேற்கே நகரும். 80.2482833 அதன் பின் 80.2468 அளவில் வந்து நிற்கிறது. வளாகத்தின் இன்றைய நெட்டாங்கு 80.2464 அளவில் உள்ளது. நாற்பது, ஐம்பது மீட்டருக்குள் ஒத்துவிடுகிறது. பழைய அளவுகளிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்ப்பது பொருந்தாது. பெயர்ச்சி அளவுகளே பத்து, பதினைந்து மீட்டர் நிச்சயமின்மை கொண்டவை.

மென்பொருளில் பழைய ஆதாரத்தை `Kalianpur 1975` (`EPSG:4146`) என்று தேர்ந்தெடுத்து `EPSG:4326`க்கு மாற்றச் சொன்னால் இக்கடைசிப் படியை அது செய்துவிடும். மதராஸ் நெட்டாங்கின் 2 கலை 27.18 விகலைத் திருத்தத்தை அது செய்வதில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை கலியாண்பூர் என்றால் திருத்தப்பட்ட கலியாண்பூரே. 166 மீட்டரைக் கருவியிடம் ஒப்படைத்த நிறைவில் 4.4 கிலோமீட்டரை மறந்துவிடுவது எளிதில் நேரக்கூடியது.

அகலாங்கைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. வானாய்வகத்தின் 13° 04′ 08″ விண்மீன்களை நோக்கிப் பெற்றது. அது அவ்விடத்துத் தூக்குநூலின் திசையைச் சார்ந்தது. எந்த நீள்கோளத்தின் மீதும் கணிக்கப்பட்டதன்று. அதன் மீது கலியாண்பூர்ப் பெயர்ச்சியைச் செலுத்தினால் ஏறத்தாழ 5 விகலை வடக்கே தேவையின்றி நகர்ந்துவிடும். முக்கோணச் சங்கிலியின் வழியே கணித்த அகலாங்குக்கே அப்பெயர்ச்சி உரியது. குறிப்பேட்டிலோ அச்சிட்ட அறிக்கையிலோ அகலாங்கு எம்முறையில் பெறப்பட்டது என்பதைப் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

திருத்தப்பட்டதா, திருத்தப்படாததா

நிலப்படங்களின் ஓரக்குறிப்பில் மதராஸ் வானாய்வகத்துக்கு எந்த நெட்டாங்கு கொள்ளப்பட்டது, எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது அச்சிடப்பட்டிருப்பதுண்டு. வெவ்வேறு காலத்துப் படங்களில் இத்திருத்தம் வெவ்வேறாக இருக்கும். எனவே ஒரு படத்துக்கு அதன் ஓரக்குறிப்பில் உள்ள அளவையே கொள்ள வேண்டும், வேறொரு படத்தின் அளவை அன்று. கைப்பட எழுதிய குறிப்பேட்டில் அத்தகைய குறிப்பு பெரும்பாலும் இராது. பின்வந்த ஒருவர் திருத்தி எழுதிய படியாகவும் அது இருக்கலாம். அந்நிலையில் திருத்தத்தை இரண்டாம் முறை கழித்துவிட்டால் புள்ளி மேற்கே 4.4 கிலோமீட்டர் தவறும்.

குறிப்பேட்டிலேயே உள்ள, இன்றும் இடம் மாறாத ஒரு கட்டடமே இதற்குச் சான்று தரும். கோபுரங்களும் விமானங்களும் அளவை நிலையங்களாக இருந்தமை இங்கு உதவுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் இன்றைய நெட்டாங்கு ஏறத்தாழ 79.1318. அங்கு ஆதாரப் பெயர்ச்சி ஏறத்தாழ 5 விகலை, அதாவது 0.0014 பாகை. குறிப்பேட்டின் அளவை மாற்றிய பின் அது 79.174க்கு அருகில் வந்தால் மதராஸ் திருத்தம் இன்னும் செய்யப்படவில்லை, 79.133க்கு அருகில் வந்தால் செய்யப்பட்டுவிட்டது, ஆதாரப் பெயர்ச்சி மட்டுமே எஞ்சியுள்ளது. இரண்டிலும் சேராமல் வேறெங்கோ வந்தால், முதலில் ஐயுற வேண்டியது படியெடுப்பையே. இத்தகைய கட்டடங்கள் மூன்று நான்கைத் தேர்ந்து, வேறுபாடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே திசையில் உள்ளனவா என்று பார்த்தால் ஐயம் நீங்கும். ஒரே அளவு வேறுபாடு மூலத்தின் பிழையைக் காட்டும். சிதறிய வேறுபாடுகள் படித்த கண்ணின் பிழையைக் காட்டும்.

மதராஸ் நெடுவரையிலிருந்து கிழக்கு, மேற்கு என்று எழுதப்பட்ட அட்டவணைக்கு இச்சிக்கல் ஏறத்தாழ இல்லை. அங்கு பதிவாகியிருப்பது இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. கிரீனிச்சிலிருந்து மதராஸ் வரை நேர்ந்த பிழை அதனுள் நுழைவதில்லை. அவ்வேறுபாட்டைத் தசமப் பாகையாக்கி, குறியைச் சரிபார்த்து, வானாய்வகத்தின் இன்றைய நெட்டாங்கோடு நேரே கூட்டிவிடலாம். ஆதாரங்களுக்கிடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதியும் அதனுடனே கழிந்துவிடும், சென்னையில் 5.5 விகலையாகவும் தஞ்சையில் 5 விகலையாகவும் உள்ள பெயர்ச்சியில் எஞ்சுவது அரை விகலை, ஏறத்தாழ 15 மீட்டர். ஒரே இடத்துக்கு இருவகைப் பதிவும் கிடைக்கும்போது, கிரீனிச் நெட்டாங்கை விடுத்து மதராஸ் வேறுபாட்டையே கொள்வது தக்கது.